காசு கொடுத்துப் பழுதுபார்த்தும் ஒழுகும் காப்பி இயந்திரம்: கடைக்கு எப்படிக் கடிதம் எழுதுவது?

பழுதுபார்க்கும் கடையிலிருந்து திரும்பி வந்த காப்பி இயந்திரம் மறுநாளே மேசையை நனைக்கிறது. கடைக்காரருக்குப் போன் செய்தால் "கொண்டு வாங்க, பார்க்கலாம்" என்கிறார். கொண்டுபோனால் "இது வேற கோளாறு" என்கிறார். பெரும்பாலான வீடுகளில் கதை இதோடு முடிந்துவிடுகிறது. இயந்திரம் அலமாரிக்குப் போகிறது, கட்டிய பணம் போனது போனதுதான்.

அந்த இரண்டாவது போனுக்கு முன்பு ஒரு கடிதம் எழுதியிருந்தால் நிலைமை வேறு. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பொருள் வாங்கியவருக்கு மட்டும் துணை நிற்பதில்லை, சேவைக்குப் பணம் கட்டியவருக்கும் துணை நிற்கிறது. பழுதுபார்ப்பு ஒரு சேவை. ஆனால் அந்த உரிமையைக் கேட்பதற்கு ஒரு வரிசை உண்டு. அந்த வரிசையில் முதல் படியே இந்தக் கடிதம்.

ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். கிள்ளானில் வசிக்கும் ஒரு குடும்பம், வீட்டில் பயன்படுத்தும் பம்ப் வகை எஸ்பிரெசோ இயந்திரத்தை மார்ச் 3ஆம் தேதி பிரிக்பீல்ட்ஸில் உள்ள ஒரு கடையில் கொடுக்கிறது. அடியில் தண்ணீர் ஒழுகுகிறது என்பதுதான் புகார். மார்ச் 10ஆம் தேதி 180 வெள்ளி கட்டி எடுத்து வருகிறார்கள். ரசீதில் "கேஸ்கட் மாற்றியது, சர்வீஸ்" என்று எழுதியிருக்கிறது. மார்ச் 11ஆம் தேதி காலை மறுபடியும் அடியில் தண்ணீர்.

கடிதம் எழுத உட்காரும் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. எங்கே, எப்போது, எவ்வளவு ஒழுகுகிறது என்று பார்க்க வேண்டும். "இன்னும் லீக் ஆகுது" என்ற ஒரு வரிக்குக் கடைக்காரர் ஆயிரம் பதில் சொல்லலாம். "சுவிட்ச் போடாமல் தொட்டியை மட்டும் நிரப்பி வைத்தாலே இரண்டு மணி நேரத்தில் அடியில் தண்ணீர் தேங்குகிறது" என்ற வரிக்கு அப்படிச் சொல்ல முடியாது.

நம் மொழி இங்கே நன்றாகவே கைகொடுக்கிறது. பேச்சில் நாம் எல்லாவற்றையும் "லீக்" என்றே சொல்லிவிடுகிறோம். தமிழில் கசிவு வேறு, சொட்டு வேறு, ஒழுக்கு வேறு, பீய்ச்சல் வேறு. மூட்டு ஓரத்தில் ஈரம் மட்டும் படர்ந்தால் கசிவு. விட்டு விட்டு விழுந்தால் சொட்டு. நூலாக ஓடினால் ஒழுக்கு. பம்ப் ஓடும்போது அழுத்தத்தோடு தெறித்தால் பீய்ச்சல். எது நடக்கிறதோ அந்தச் சொல்லையே கடிதத்தில் எழுதுங்கள். படிக்கும் மெக்கானிக்குக்குப் பாதி விஷயம் அதிலேயே தெரிந்துவிடும்.

சோதனைக்கு ஒரு தட்டும் நாலைந்து வெள்ளை டிஷ்யூ தாள்களும் போதும். இயந்திரத்தை நன்றாகத் துடைத்து, உலர்ந்த தாளின் மேல் வையுங்கள். முதலில் பிளக்கைச் சொருகாமல் தொட்டியை நிரப்பி இரண்டு மணி நேரம் விடுங்கள். இப்போதே தாள் நனைந்தால் தொட்டியின் அடி வால்வு, அதன் ரப்பர் வளையம், அல்லது தொட்டியிலிருந்து பம்புக்குப் போகும் குழாய் ஆகியவற்றில் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். பம்புக்குப் பிறகு வரும் அழுத்தப் பகுதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

தாள் உலர்ந்தே இருந்தால் அடுத்து சுவிட்ச் போட்டுச் சூடேற விடுங்கள், காப்பி எடுக்க வேண்டாம். சூடான பிறகு மட்டும் கசிந்தால் கொதிகலனின் மூட்டையோ அதன் கேஸ்கட்டையோ சந்தேகிக்கலாம். அதிலும் ஒன்றும் இல்லையென்றால் தூள் போடாமல் வெறும் தண்ணீரை ஓட்டிப் பாருங்கள். பம்ப் ஓடும்போது மட்டும் அடியில் தண்ணீர் வந்தால் பம்புக்குப் பின்னால் உள்ள இணைப்புகளில் ஒன்று தளர்ந்திருக்கலாம். கடைசியாகத் தூள் போட்டுக் காப்பி எடுங்கள். கைப்பிடியின் விளிம்பைச் சுற்றி மட்டும் ஒழுகினால் அது தலைப்பகுதி கேஸ்கட். ஆனால் விளிம்பில் காப்பித்தூள் ஒட்டியிருந்தாலும் அப்படித்தான் ஒழுகும். துடைத்துவிட்டு மறுபடி பார்த்த பிறகே அதைக் குறையாக எழுத வேண்டும்.

சில சொட்டுகள் குறையே அல்ல. காப்பி எடுத்து முடித்ததும் மிச்ச அழுத்தத்தை வெளியேற்ற ஒரு வால்வு கொஞ்சம் தண்ணீரைச் சொட்டுத் தட்டில் கொட்டும். பல இயந்திரங்கள் அப்படித்தான் செய்யப்பட்டிருக்கின்றன. ஆவிக் குழாயின் நுனியில் நீராவி நிறுத்தியபின் இரண்டு மூன்று சொட்டு விழுவதும் வழக்கம். இதையெல்லாம் புகாரில் சேர்த்தால் உண்மையான புகாரும் சேர்ந்து வலுவிழக்கும்.

ஓர் எச்சரிக்கை. அடியில் தேங்கும் தண்ணீர் மின்கம்பி இருக்கும் பகுதிக்குள் போகக்கூடும். வீட்டு மின்பெட்டியில் "டிரிப்" ஆனாலோ, உலோக உடலைத் தொட்டால் சுரீர் என்றாலோ, சூடேற்றும் சோதனைகளைச் செய்யவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அதையே முதல் புகாராக எழுதுங்கள்.

நம் உதாரணக் குடும்பத்துக்கு முதல் சோதனையிலேயே விடை கிடைத்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பிளக் இல்லை, தொட்டி நிறைந்திருக்கிறது, இரண்டு மணி நேரத்தில் தட்டில் சுமார் 60 மில்லி தண்ணீர். ஒரு சிறிய மருந்துக் குவளையால் அளந்து, கைப்பேசியில் படமும் காணொளியும் எடுத்துக்கொள்கிறார்கள். தலைப்பகுதி கேஸ்கட் மாற்றியதாக ரசீது சொல்கிறது. ஆனால் தண்ணீர் வருவதோ அங்கிருந்து அல்ல.

இங்கேதான் சட்டம் உள்ளே வருகிறது. அந்தச் சட்டத்தில் மூன்று பிரிவுகளை முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

53ஆவது பிரிவு, சேவை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும் என்கிறது. இதை நிரூபிப்பது கொஞ்சம் சிரமம், ஏனென்றால் மெக்கானிக் கவனமாகத்தான் கேஸ்கட்டை மாற்றியிருக்கலாம். 54ஆவது பிரிவு வேறு மாதிரி. எந்த நோக்கத்துக்காக இந்தச் சேவை வேண்டும், என்ன பலன் கிடைக்க வேண்டும் என்று பயனீட்டாளர் சொல்லியிருந்தால், சேவை அந்த நோக்கத்துக்குப் பொருந்தியதாக இருக்க வேண்டும். அதாவது "ஒழுகுவதை நிறுத்துங்கள்" என்று சொல்லிக் கொடுத்திருந்தால், ஒழுக்கு நிற்பதே சேவையின் அளவுகோல். பயனீட்டாளர் கடைக்காரரின் திறமையை நம்பிக் கொடுக்கவில்லை என்று சூழ்நிலை காட்டினால் மட்டும் இந்தப் பாதுகாப்பு கிடையாது.

அந்தக் கடைசி வரியில் ஒரு கண்ணி இருக்கிறது. யூடியூப் பார்த்துவிட்டு "கேஸ்கட்டை மட்டும் மாத்திக் கொடுங்க அண்ணே" என்று சொல்லிக் கொடுத்தவர், கேஸ்கட் மாறியதும் கேட்டதைப் பெற்றுவிட்டார். ஒழுக்கு நிற்காவிட்டாலும் கடைக்காரர் "நீங்க கேட்டதைத்தானே செஞ்சேன்" என்று சொல்லலாம், அதில் நியாயமும் இருக்கும். "அடியில் ஒழுகுது, என்னன்னு பார்த்துச் சரிசெய்யுங்க" என்று சொன்னவருக்கு 54ஆவது பிரிவு முழுமையாகக் கைகொடுக்கும். ஆகவே கடையில் கொடுக்கும்போது துண்டுச் சீட்டில் பாகத்தின் பெயரை எழுதச் சொல்லாதீர்கள், குறையை எழுதச் சொல்லுங்கள். கடிதத்திலும் அப்படியே. எந்தப் பாகம் போயிருக்கிறது என்று தீர்மானிப்பது அவர் வேலை.

60ஆவது பிரிவு, சேவை சரியில்லாவிட்டால் என்ன செய்யலாம் என்று சொல்கிறது. சரிசெய்யக்கூடிய குறை என்றால், முதலில் அதே கடைக்காரரையே நியாயமான காலத்துக்குள் சரிசெய்யக் கேட்க வேண்டும். அவர் மறுத்தாலோ, அலட்சியப்படுத்தினாலோ, முயன்றும் முடியாவிட்டாலோதான் அடுத்த வழி திறக்கிறது. அப்போது வேறு கடையில் சரிசெய்து அந்த நியாயமான செலவை முதல் கடைக்காரரிடம் கேட்கலாம், அல்லது ஒப்பந்தத்தை ரத்துசெய்து கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்கலாம். இரண்டில் ஒன்று. 180 வெள்ளியும் வேண்டும், அடுத்த கடைச் செலவும் வேண்டும் என்று கேட்டால் கடிதம் பேராசைக் கடிதமாகிவிடும்.

இந்த வரிசையைத் தெரியாமல்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கோபத்தில் நேராக வேறு கடைக்குப் போய் இயந்திரத்தைத் திறந்துவிடுகிறார்கள். முதல் கடைக்காரருக்கு வாய்ப்பே கொடுக்கவில்லை என்ற பதில் அப்போது தயாராக இருக்கும். "அவர் கழற்றியதில்தான் கெட்டது" என்ற பதிலும் கூடவே வரும். கடிதத்தின் உண்மையான வேலை, அந்த வாய்ப்பு கொடுக்கப்பட்டது என்பதைத் தேதியோடு எழுத்தில் பதிய வைப்பது.

நம் உதாரணக் கடிதம் இப்படி இருக்கலாம்.

"மார்ச் 13

மதிப்பிற்குரிய கடை உரிமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். என் வீட்டு எஸ்பிரெசோ இயந்திரத்தை, அடியில் தண்ணீர் ஒழுகுவதால் அதைக் கண்டறிந்து நிறுத்தித் தரும்படி சொல்லி, மார்ச் 3ஆம் தேதி தங்கள் கடையில் கொடுத்தேன். மார்ச் 10ஆம் தேதி 180 வெள்ளி செலுத்திப் பெற்றுக்கொண்டேன். ரசீதின் நகலை இணைத்துள்ளேன்.

மறுநாள் காலை மீண்டும் அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. மார்ச் 12ஆம் தேதி, பிளக்கைச் சொருகாமல் தொட்டியை மட்டும் நிரப்பி உலர்ந்த தட்டில் வைத்தேன். இரண்டு மணி நேரத்தில் சுமார் 60 மில்லி தண்ணீர் சொட்டியிருந்தது. படங்கள் இணைக்கப்பட்டுள்ளன. அதற்குப் பிறகு இயந்திரத்தைப் பயன்படுத்தவில்லை, யாரும் திறக்கவும் இல்லை.

நான் கேட்ட வேலை ஒழுக்கை நிறுத்துவது. அது நிறைவேறவில்லை. பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999, பிரிவு 53, 54, 60 ஆகியவற்றின்படி, கூடுதல் கட்டணம் இல்லாமல் இதை மார்ச் 27ஆம் தேதிக்குள் சரிசெய்து தரும்படி கேட்டுக்கொள்கிறேன். இயந்திரத்தை எந்த நாளில் கொண்டு வரலாம் என்பதைத் தெரிவியுங்கள். மாற்றிய பழைய பாகங்களையும் திருப்பித் தரவும்.

அந்தத் தேதிக்குள் சரியாகாவிட்டால், வேறு இடத்தில் சரிசெய்து அந்தச் செலவைக் கோருவேன், அல்லது ஒப்பந்தத்தை ரத்துசெய்து 180 வெள்ளியைத் திரும்பக் கேட்பேன். தேவைப்பட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தை அணுகுவேன்.

இப்படிக்கு,"

கீழே பெயர், முகவரி, கைப்பேசி எண், கையொப்பம். அவ்வளவுதான். "ஏமாற்றுக்காரர்", "ஃபேஸ்புக்கில் போடுவேன்" என்ற வார்த்தைகள் இல்லாததைக் கவனியுங்கள். அவை கடைக்காரரைக் கோபப்படுத்துமே தவிர இயந்திரத்தைச் சரிசெய்யாது. நாளைக்கு இந்தக் கடிதத்தை ஒரு மூன்றாம் மனிதர் படிக்க நேர்ந்தால், அவர் யாருடைய பக்கம் நியாயமாகப் பேசுகிறது என்றுதான் பார்ப்பார்.

பழைய பாகங்களைக் கேட்பதற்கும் காரணம் உண்டு. உண்மையில் மாற்றப்பட்டதா, மாற்றிய பாகம் கெட்டுப்போனதுதானா என்பதற்கு அதுவே சாட்சி. வெப்பத்தில் காய்ந்து கல்லாகிய கேஸ்கட்டைக் கையில் எடுத்தாலே தெரியும், வளைக்க முடியாது, ஓரத்தில் விரிசல் இருக்கும். மென்மையான கேஸ்கட் திரும்பி வந்தால் அதை மாற்றியதற்கு அவசியமே இருந்திருக்காது. இனிமேல் கடையில் கொடுக்கும்போதே "பழைய பாகத்தை வைத்திருங்கள்" என்று சொல்லிவிடுவது நல்லது.

கெடு தேதிக்கு "நியாயமான காலம்" என்பதே சட்டத்தின் அளவு, நாள் கணக்கு எதுவும் சட்டத்தில் இல்லை. முதல் வேலைக்கு ஒரு வாரம் ஆன இடத்தில் இரண்டு வாரம் கொடுப்பதை யாரும் அவசரம் என்று சொல்ல முடியாது. பாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்று கடைக்காரர் எழுத்தில் சொன்னால் இன்னும் கொஞ்சம் நீட்டலாம். வாயால் சொன்னால் "நீங்கள் சொன்னபடி" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தின் தலையில் "தன்பா பிரெஜுடிஸ்" அல்லது "வித்தவுட் பிரெஜுடிஸ்" என்று போடும் பழக்கம் நம்மவர்களிடம் அதிகம். வக்கீல் கடிதம் போலத் தெரியும் என்ற நினைப்பு. சமரசப் பேச்சில் விட்டுக்கொடுப்பதைப் பின்னால் எனக்கு எதிராகக் காட்டக்கூடாது என்பதற்காகப் போடுவது அது. நாமோ இந்தக் கடிதத்தைக் காட்டுவதற்காகவே எழுதுகிறோம். போடாதீர்கள்.

மொழியைப் பொறுத்தவரை, கடைக்காரர் தமிழர் என்றால் தமிழில் எழுதுவதில் தவறே இல்லை. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் அது இயல்பானதும்கூட. ஆனால் விஷயம் மன்றம் வரை போனால் அங்கே படிப்பவருக்கு மலாய் வேண்டும். அதனால் இதே விஷயத்தை மலாயிலும் எழுதி, இரண்டையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள். நேரில் கொடுத்தால் நகலில் கடை முத்திரையும் தேதியும் வாங்குங்கள். தர மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்புவது கூடுதல் பாதுகாப்பு.

கடையிலிருந்து வரக்கூடிய பதில்களில் இரண்டு அடிக்கடி கேட்பவை. ஒன்று, "ரசீதிலேயே உத்தரவாதம் இல்லைன்னு எழுதியிருக்கே". பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 6ஆவது பிரிவின்படி, சட்டம் தரும் உரிமையை ஒரு ரசீது வரியோ சுவரில் ஒட்டிய அட்டையோ பறிக்க முடியாது. "30 நாள் உத்தரவாதம்" என்பதும் கடை தானாகத் தருவது, சட்டம் தருவதற்கு மேல் அது ஒரு கூடுதல்.

இன்னொன்று, "இது வேற கோளாறு". இது சில நேரம் உண்மை. பத்து வருட இயந்திரத்தில் ஒரு கேஸ்கட்டை மாற்றினால் அடுத்த வாரம் வேறு குழாய் விரிசல் விடலாம். அப்போது முதல் சோதனைதான் தீர்ப்பு சொல்லும். கொடுக்கும்போது எங்கே ஒழுகியதோ அங்கேயே, அதே விதமாக, எடுத்து வந்த மறுநாளே ஒழுகினால் வேறு கோளாறு என்பது எடுபடாது. கொடுக்கும்போது கைப்பிடி ஓரத்தில் ஒழுகியது நின்று, மூன்று மாதம் கழித்து அடியில் ஒழுகினால் கடைக்காரர் சொல்வதை ஏற்பதுதான் முறை. கடையில் கொடுக்கும் முன்பே ஒரு நிமிடக் காணொளி எடுத்து வைத்திருப்பவருக்கு இந்த வாக்குவாதமே வராது.

மார்ச் 27 கடந்தும் பதில் இல்லை என்றால் துரிபுனால் துந்துத்தான் பெங்குணா மலேசியா என்னும் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. உள்நாட்டு வாணிப அமைச்சின் கீழ் இயங்குகிறது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும். போராங் 1 என்ற படிவத்துக்குக் கட்டணம் 5 வெள்ளி, இணையத்திலும் பதியலாம். வழக்கறிஞர் வைத்துக்கொள்ள இரு தரப்புக்கும் அனுமதி இல்லை. கோரிக்கை எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும். தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாத கடைக்காரர் குற்றம் செய்தவராகிறார். 10,000 வெள்ளி வரை அபராதமோ, இரண்டு ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு. 180 வெள்ளிக்கு இவ்வளவா என்று தோன்றலாம். கடிதத்தில் மன்றத்தின் பெயரைப் பார்த்ததும் கடைக்காரருக்கும் அதுதான் தோன்றும்.

படிவத்தில் ஒரு இடத்தில் பலர் தடுமாறுகிறார்கள். பெயர்ப்பலகையில் இருப்பது கடையின் பெயர், ஆனால் கோரிக்கை பதிவுபெற்ற நிறுவனத்தின் மீதோ உரிமையாளர் மீதோ இருக்க வேண்டும். ரசீதின் தலையில் எஸ்எஸ்எம் பதிவு எண் இருக்கும். அது இல்லாத ரசீதை வாங்காமல் பணம் கட்டாதீர்கள்.

உணவகமோ காப்பிக் கடையோ நடத்துபவர்களுக்கு இந்த வழி அநேகமாக அடைபட்டது. சட்டம் "பயனீட்டாளர்" என்று சொல்வது வீட்டுக்கும் சொந்தத் தேவைக்கும் பயன்படுத்துபவரை. வியாபாரத்துக்காக ஓடும் இயந்திரம் அதில் வராது என்று எதிர்த்தரப்பு வாதிடும். தனிநபராக வியாபாரம் செய்பவர் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை முறையை நாடலாம். 5,000 வெள்ளி வரை, வழக்கறிஞர் இல்லாமல், போராங் 198 வழியாகப் பதிவது அது. அங்கே 53, 54 பிரிவுகளுக்குப் பதிலாக ஒப்பந்தத்தை மீறியதைத்தான் காட்ட வேண்டியிருக்கும். கடிதத்தில் பிரிவு எண்கள் உள்ள வரியை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை அப்படியே எழுதலாம். ஒழுக்கின் விவரம், தேதிகள், கெடு, படங்கள் எல்லாம் அங்கேயும் அதே வேலையைச் செய்யும்.